மடியும் சினையும்

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில் இரண்டு கலப்பினப் பசுக்களை வளர்த்து வந்தோம். சென்ற மாதம் இரண்டும் நாளொன்றுக்கு நான்கு லிட்டர்தான் கறந்தன. ஒன்றை விற்றாக வேண்டிய நிலை. பாலை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் மூத்தது ஆறு மாதச் சினை. அதற்குப் பால் குறைவது இயல்பே. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி ஓய்வளித்தால் அடுத்த ஈற்றில் மடி நிறையும். இளையதோ மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. லிட்டர் 35 ரூபாய் வீதம் அதன் வரவு 140. தீவனச் செலவு 130. பால் இன்னும் ஒரு லிட்டர் குறைந்தால் நாள்தோறும் கைப்பணம் போகும். பால் வற்றியபின் விலையும் விழும். ஆகவே அதனை இப்போதே விற்கத் தீர்மானித்தோம்.

தரகர், "ஒரு வேளை கறக்காமல் விடுங்க ஹஜ்ரத், மடி பெருசாத் தெரியும்" என்றார். நபி (ஸல்) அவர்கள் தடுத்த செயலன்றோ அது! அவ்வாறு ஏமாந்து வாங்கியவர், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பித் தரலாம் என்று ஹதீஸில் வந்துள்ளது. வாங்க வந்தவர் முன்னிலையில் கறந்து காட்டினோம். சினை பிடிக்காததையும் சொன்னோம். அவர் ஐயாயிரம் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டோம்.