'கேட்டால் கிடைக்கும்' என்றால்?

காசியில் ஒரு ஓட்டலின் வரவேற்பறை. பொழுது விடிந்து சற்று நேரம்தான் ஆகிறது. ரயிலில் வந்திறங்கிய வயதான தமிழ்த் தம்பதி மூட்டை முடிச்சுகளுடன் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் கையில் ஓட்டலின் தமிழ்க் கையேடு. அதில் ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்: 'அறை கிடைப்பதைப் பொறுத்து முன்னதாகவே வந்து தங்கலாம்.' வரவேற்பாளருக்குத் தமிழ் தெரியாது. அறை 12 மணிக்குத்தான் என்கிறார் இந்தியில். கங்கையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போக வந்தவர்கள் பகல்வரை அங்கேயே இருந்தார்கள்.

ஊர் திரும்பிய பெரியவர் எழுதிய கடிதத்தை ஓட்டல் நிர்வாகம் டெல்லியில் உள்ள மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவைத்தது. இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கும் பெண்மணி. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. 'சப்ஜெக்ட் டு அவைலபிளிட்டி'க்கு அகராதிப்படி அந்த வரியில் தவறே இல்லை. ஆனால் கடிதத்தில் ஒரு வாக்கியம் அவரைத் தூங்கவிடவில்லை. எந்த அறை காலியோ அதைக் கொடுப்பார்கள், பெரியதோ சிறியதோ நம் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம் என்று எழுதியிருந்தார் பெரியவர். அறையே இல்லாமல் போகலாம் என்பது அந்த வரியில் எங்கும் இல்லை.

குற்றவாளி யார் என்று அவர் கண்டுபிடித்தார்: 'தங்கலாம்' என்பதில் உள்ள 'லாம்'. 'மழை வரலாம்' என்றால் சந்தேகம். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. ஓட்டல்காரர் 'தங்கலாம்' என்று எழுதினால் அதை யார் சந்தேகமாகப் படிப்பார்கள்? அழைப்பாகத்தான் படிப்பார்கள். ஆங்கில வரி கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தது. தமிழ் வரி அதை அகலத் திறந்துவிட்டது.

திருத்திய வரிகள் இப்படி அமைந்தன: 'அறை பகல் 12 மணிக்குத் தரப்படும். அதற்கு முன் வருபவர்களுக்கு, அறை காலியாக இருந்தால் மட்டுமே தர முடியும். இல்லாவிட்டால் 12 மணிவரை காத்திருக்க வேண்டும். விடியற்காலையிலேயே அறை நிச்சயமாக வேண்டும் என்பவர்கள் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யவும்.' ஒரு வரி நான்காகிவிட்டதே என்று மேலாளர் முனகினார். கடைசி வாக்கியத்தைப் படித்துக் காட்டியதும் சமாதானமானார். அதில் ஒரு நாள் வாடகை இருந்தது.

'காம்ப்ளிமென்டரி' வேறு மாதிரிச் சிக்கல். அகராதியை மட்டும் நம்பிய யாரோ ஒருவர் வேறொரு ஓட்டலுக்குப் 'பாராட்டுக் காலை உணவு' பரிமாறியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம்; அதை நம்பி யாரும் ஏமாறப்போவதில்லை. ஏமாற்றுவது 'இலவசம்' என்ற சரியான சொல்தான். காசி ஓட்டலில் இரண்டு பேருக்கான இட்லியும் பூரியும் வாடகைக்குள் அடக்கம். கூடுதல் மெத்தை போட்டுப் படுக்கும் மூன்றாமவர் சாப்பிட்டால் பில் வரும். 'இலவசக் காலை உணவு' என்று படித்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்தவரிடம் பில்லை நீட்டினால் என்ன ஆகும்? 'இரண்டு பேருக்குக் காலை உணவு வாடகையில் அடங்கும்; மூன்றாமவருக்குத் தனிக் கட்டணம்' என்று மாற்றினார். தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் 'இலவசம்' தப்பியது, 'நாளொன்றுக்கு இரண்டு' என்ற காவலோடு.

மிச்சமிருந்தது 'ஆன் ரிக்வெஸ்ட்'. கூடுதல் மெத்தைக்கு அவர் முன்பு எழுதியது 'கேட்டால் கிடைக்கும்'. தமிழில் இதைவிடப் பெரிய வாக்குறுதி உண்டா? 'வேண்டுகோளின் பேரில்' என்று போடலாம்தான். சர்க்கார் வாசனை அடிக்கும், காசு கேட்பார்கள் என்பதும் தெரியாது. மேலாளருக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை மெத்தை இருக்கிறது? முப்பது அறைக்கு ஆறு. சும்மா தருவீர்களா? இல்லை. அந்தப் பதில்களே மொழிபெயர்ப்பாகிவிட்டன: 'கூடுதல் மெத்தை வேண்டுவோர் பதிவு செய்யும்போதே சொல்லவும். மெத்தைகள் குறைவு. வாடகை தனி.'

அச்சுக்கு அனுப்புமுன் கும்பகோணத்தில் உள்ள அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினார். புரிகிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "நீங்க விடியக்காலையிலே போய் இறங்கினா என்ன கிடைக்கும் அத்தை?" என்று கேட்டார்.

"என்னத்தைக் கிடைக்கும்? திண்ணையிலே உட்காரணும். சாயந்திரம் போய்ச் சேர்ற ரயிலாப் பார்த்து டிக்கெட் எடு."