போட்ட பணம் போட்டதுதான்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் வி.சி. சம்மர் வளாகத்தின் 2 புதிய அணு உலைகளை 2017 ஜூலை 31 அன்று பாதியில் கைவிட்டார்கள். அதுவரை செலவு சுமார் 900 கோடி டாலர். "இவ்வளவு போட்டாச்சே, எப்படி விடுவது?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முடித்தாலும் நிறுத்தினாலும் அந்த 900 கோடி திரும்பாது. மொத்தச் செலவு 2500 கோடியைத் தாண்டும் என்று மறுமதிப்பீடு சொன்னது. ஆக, கேள்வி ஒன்றுதான்: இனி போடவேண்டிய 1600 கோடிக்கும் மேலான பணத்துக்கு இந்த மின்சாரம் தகுமா?

கட்டிய பகுதிக்கு மதிப்பில்லை என்பதல்ல. மீதிச் செலவை அது குறைக்கிறது, கணக்கில் அதன் இடம் அவ்வளவே. கூட்டங்களில் "இதுவரை ஆன செலவு" முதல் வரியாக வந்தாலே எனக்குப் பதறுகிறது. தென் கரோலினாவில் இயங்காத உலைகளுக்கும் மின்கட்டணத்தில் மக்கள்தான் பணம் கட்டினார்கள்.