ஜன்னலும் மூன்று நிறங்களும்: சில குறிப்புகள்

மூன்று மாடிப் பள்ளிக் கட்டடம். ஒவ்வொரு மாடிக்கும் 14 ஜன்னல், மொத்தம் 42. மே 25 அன்று ஒப்படைக்க வேண்டும், ஜூன் 8 பள்ளி திறப்பு. திங்கட்கிழமைதோறும் தாளாளருக்கு ஒரு பக்க நிலை அறிக்கை அனுப்புவது என் வேலை. வேலை, எவ்வளவு முடிந்தது, என்ன ஆபத்து, என்ன முடிவு வேண்டும் என்று நான்கு பத்தி. கடைசியில் ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு வட்டம்.

மார்ச் 2 அறிக்கை இப்போதும் கையில் இருக்கிறது. அடித்தளம், தளம் போடுதல், பூச்சு எல்லாம் பச்சை. ஜன்னலும் பச்சை.

*

அன்று சைட் இன்ஜினியரிடம் கேட்டேன், ஜன்னலுக்கு ஏன் பச்சை என்று. “ஜன்னல்ல பிரச்சினை எதுவும் இல்ல சார். அந்த வேலை இன்னும் வரவே இல்லையே.” நியாயமான பதிலாகத்தான் பட்டது. நானும் மாற்றவில்லை.

தவறு அந்த இடத்தில்தான். நிறம் நேற்றுவரை நடந்த வேலையைப் பற்றியதல்ல, கடைசி நாளைப் பற்றியது. தொடங்காத வேலைதான் பல நேரம் கடைசி நாளைத் தள்ளுகிறது. அதற்குப் பச்சை போட்டால் படிப்பவர் “கவலை வேண்டாம்” என்றே எடுத்துக்கொள்வார்.

*

பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒப்படைப்புக்கு முன் பெயின்டிங்கும் சில்லறை வேலைகளும் மூன்று வாரம். அதற்கு முன் ஜன்னல் பொருத்த இரண்டு வாரம். ஆர்டர் கொடுத்த பிறகு செய்து வர ஆறு வாரம். ஆக 11 வாரம். மே 25-லிருந்து 11 வாரம் பின்னால் போனால் மார்ச் 9. அன்றைக்குள் ஆர்டர் போயாக வேண்டும்.

ஆர்டர் போகவில்லை. அலுமினியமா, யுபிவிசியா என்று தாளாளர் இன்னும் சொல்லவில்லை. அறிக்கையில் ஒரு மூலையில் “ஜன்னல் வகை முடிவாக வேண்டும்” என்ற வரி ஐந்து வாரமாக அப்படியே நகல் எடுத்து ஒட்டப்பட்டு வந்திருக்கிறது. ஒரே வரி, ஒரு சொல்கூட மாறாமல் மூன்று அறிக்கைகளில் வந்தால் அதை யாரும் படிப்பதில்லை என்று அர்த்தம். எழுதுகிறவரும் சேர்த்துத்தான்.

*

நிறத்துக்கு விதி வேண்டும். விதி இல்லாவிட்டால் அன்றைக்கு எழுதுபவரின் மனநிலைதான் நிறமாகிறது. அந்த வாரம் நோட்டில் எழுதி, கான்ட்ராக்டரிடமும் தாளாளரிடமும் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தது:

பச்சை என்றால் மே 25-க்கு முடியும். மஞ்சள் என்றால் மே 25 தவறலாம், ஆனால் ஜூன் 8-ஐத் தாண்டாது, சரிசெய்யும் வழி எங்கள் கையிலேயே இருக்கிறது. சிவப்பு என்றால் ஜூன் 8 ஆட்டம் காண்கிறது, அல்லது சரிசெய்வது எங்கள் கையில் இல்லை, மேலே ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த மூன்றாவதில் “அல்லது”வுக்குப் பின்னால் வருவதுதான் முக்கியம். சிவப்பு என்பது யாரோ தோற்றுவிட்டார்கள் என்ற முத்திரை அல்ல. உதவி எங்கிருந்து வர வேண்டும் என்று காட்டும் கை.

மஞ்சளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் வைத்தேன். எந்த வேலையும் தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் மஞ்சளில் இருக்கக் கூடாது. அதற்குள் சரிசெய்திருந்தால் பச்சைக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் நம் வழி பலிக்கவில்லை, சிவப்பு.

*

சிவப்பு போடக் கை கூசுவது எங்கள் சைட்டில் மட்டுமல்ல. 2006-இல் ஆலன் முலாலி போயிங்கிலிருந்து ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராகப் போனார். வியாழக்கிழமைதோறும் மேலதிகாரிகள் எல்லாரும் தங்கள் பிரிவின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்ட வேண்டும் என்றார். அந்த ஆண்டு கம்பெனி 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது. ஆனால் முதல் வாரங்களில் வந்த அட்டவணைகள் அநேகமாக எல்லாமே பச்சை.

ஒரு வியாழன், மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்போடு வந்தார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான எட்ஜ் என்ற புது காரில் கோளாறு இருந்ததால் அதை வெளியிடுவதை நிறுத்தி வைத்திருந்தார். அறையில் அமைதி. முலாலி கை தட்டினார். யார் உதவ முடியும் என்று கேட்டார். மற்றப் பிரிவுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல முன்வந்தார்கள். சில வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் சிவப்பும் மஞ்சளும் வரத் தொடங்கின.

நான் இதில் எடுத்துக்கொண்டது அந்தக் கைதட்டலை அல்ல, அதற்கு அடுத்த கேள்வியை. முதல் சிவப்பைப் பார்த்தவுடன் “யார் பொறுப்பு?” என்று கேட்டிருந்தால் இரண்டாவது சிவப்பு வந்தே இருக்காது.

*

முடிவு கேட்கும் வரியை எப்படி எழுதுவது? “ஜன்னல் வகை முடிவாக வேண்டும்” என்பதில் யார், எப்போது, எவற்றில் எது, தாமதித்தால் என்ன ஆகும் என்ற நான்கும் இல்லை. மார்ச் 16 அறிக்கையில் ஜன்னலுக்குச் சிவப்பு போட்டு இப்படி எழுதினேன்:

“தாளாளர் மார்ச் 18 புதன் மாலைக்குள் அலுமினியமா யுபிவிசியா என்று சொல்ல வேண்டும். யுபிவிசிக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய் கூடுதல். இரண்டுக்கும் செய்துவர ஆகும் காலம் ஒன்றுதான். எங்கள் பரிந்துரை அலுமினியம். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. இனி ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பை ஒரு வாரம் தள்ளும். மார்ச் 23-ஐத் தாண்டினால் பள்ளி திறப்பே தள்ளிப்போகும்.”

அன்று மாலையே கான்ட்ராக்டர் போன் செய்தார். “ஏன் சார் சிவப்பு போட்டீங்க? ஒரு வாரம்தானே போயிருக்கு?” ஒரு வாரம்தான். ஆனால் அதை மீட்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. விதியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப சரி” என்றார்.

*

சதவீதம் பற்றி ஒன்று. “பூச்சு 90 சதவீதம்” என்று மூன்று வாரம் தொடர்ந்து வந்தது. மீதிப் பத்தில் ஜன்னல் ஓரங்கள், மாடிப்படி, கழிப்பறை எல்லாம் அடங்கியிருந்தன, அதாவது நேரம் தின்கிற இடங்கள். அதன் பிறகு சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். முடிந்த அறை எத்தனை? கண்ணாடியோடு நிற்கும் ஜன்னல் 42-இல் எத்தனை? பாதி பொருத்திய ஜன்னலுக்குக் கணக்கில் இடமில்லை.

*

அறிக்கையைத் தாளாளர் அலுவலகத்தில் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுக்கிறார்கள். மூன்று வட்டமும் சாம்பல் நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்களும் நிறையப் பேர் உண்டு. வட்டத்துக்குள் ப, ம, சி என்று எழுத்தும் போடுகிறேன்.

*

மார்ச் 18 மதியம் தாளாளர் அழைத்தார். அலுமினியம். ஐந்து வாரம் ஏன் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: “ரெண்டுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவுன்னு யாருமே சொல்லலையே.”

அன்றே ஆர்டர் போயிற்று. தரைத்தளத்து 14 ஜன்னலை மட்டும் முதலில் கேட்டோம். மூன்று வாரத்தில், ஏப்ரல் 8 அன்று, வந்தன. மேல்மாடிகளுக்குக் காத்திருக்காமல் கீழே பெயின்டிங் தொடங்கியது. மற்ற 28 ஏப்ரல் 29 அன்று வந்தன. அடுத்த திங்கள் அறிக்கையில் ஜன்னலை மஞ்சளுக்கு மாற்றினேன், பச்சைக்கு அல்ல.

சாவி கொடுத்தது மே 28. மூன்று நாள் தாமதம். கடைசி அறிக்கையிலும் ஜன்னல் மஞ்சளாகத்தான் இருந்தது.