மனப்பாடத்துக்கு மார்க் போடாத வைவா

வைவா என்றதும் மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கேள்வி தயாரிக்கும் ஆசிரியருக்கும் அதில் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு கல்லூரியில் முதல் செமஸ்டர் ஜெர்மன் வகுப்புக்கு 20 மார்க் வைவா என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் 30 பேர், ஆளுக்கு 8 நிமிடம், ஆக மொத்தம் 4 மணி நேரம்.

வழக்கமான முதல் கேள்வி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்". ஒரு மாணவி பிழையில்லாமல் பன்னிரண்டு வாக்கியம் ஒப்பிக்கிறாள். அடுத்து வரும் பையன் திக்கித் திக்கி நாலு வாக்கியம் சொல்கிறான். வழிகாட்டி எதுவும் இல்லாவிட்டால் அவளுக்கு 18, அவனுக்கு 10 விழும். ஜெர்மனில் பேச யாருக்கு வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை!

இதற்கு வழி, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு அடுக்காக எழுதுவது. முதல் அடுக்கு எல்லோருக்கும் தெரிந்த தலைப்பு: குடும்பம், வார விடுமுறை, சாப்பாடு. இரண்டாவது அடுக்கு, மாணவர் சொன்ன பதிலிலிருந்தே பிறக்கும் கேள்வி. "ஞாயிறு சினிமாவுக்குப் போவேன்" என்றால் "மிட் வேம்?", அதாவது "யாரோடு?". இதை மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. முதலில் போனவர் வெளியே வந்து கேள்வியைச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. தலைப்புதான் வெளியே போகும், தொடர் கேள்வி போகாது.

கூடவே ஒரு எண் கேள்வியும் வேண்டும். ஜெர்மனில் 24 என்பது "ஃபியர்-உந்த்-ஸ்வான்ஸிக்", அதாவது "நாலும் இருபதும்". தமிழில் இருபது முன்னால் வருவதால் நம்மவர்கள் அதைக் கேட்டு 42 என்று எழுதிவிடுவார்கள். ஒரு விலையைச் சொல்லி எழுதச் சொன்னால், காதில் விழுந்தது புரிந்ததா என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

தலைப்புச் சீட்டுகள் ஒரே கடினத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு "வார விடுமுறையில் என்ன செய்வீர்கள்", இன்னொருவருக்கு "போன வருடம் எங்கே போனீர்கள்" என்று வந்தால் அநியாயம். இரண்டாவதற்கு இறந்தகாலம் வேண்டும், அது இன்னும் நடத்தாத பாடம்.

அடுத்து மார்க் வழிகாட்டி. நான்கு தலைப்பு, தலைக்கு 5 மார்க் போதும்: கேட்டதற்குப் பதில் வந்ததா, உரையாடல் தொடர்ந்ததா, நடத்திய இலக்கணம் சரியா, உச்சரிப்பு புரிந்ததா. "நன்று", "சுமார்" என்று எழுதினால் ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் எடுப்பார்கள். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு எண்ணக்கூடியதாக எழுத வேண்டும். உரையாடலுக்கு 5 என்றால் "தொடர் கேள்வி மூன்றுக்கும் பொருத்தமான பதில்". 3 என்றால் "இரண்டுக்கு". 1 என்றால் "ஒன்றுக்கு மட்டும்".

"வீ பிட்ட?" என்று திரும்பக் கேட்டால் மார்க் குறைக்கலாமா? கூடாது. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 நிலையின் விளக்கமே, எதிரில் இருப்பவர் மெதுவாகத் திரும்பச் சொல்லி உதவினால் உரையாட முடியும் என்பதுதான். திரும்பக் கேட்கத் தெரிவதும் திறமையே.

இப்போது அந்தப் பையனுக்கு வருவோம். அவன் சொன்னது: "இஷ் ஆம் ஸொன்டாக் இன்ஸ் கீனோ கேஅ". வினைச்சொல்லைத் தமிழ் போலக் கடைசியில் வைத்துவிட்டான். ஜெர்மனில் அது இரண்டாம் இடத்தில் வர வேண்டும். இதே தவறை அவன் மூன்று முறை செய்தாலும் வழிகாட்டிப்படி ஒரே வகைத் தவறுதான். ஆகவே இலக்கணத்துக்கு 3. "யாரோடு?" என்றதற்கு "மிட் மைன் ப்ரூடர்" என்றான். "மைனெம்" என்று வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வேற்றுமை இன்னும் நடத்தவில்லை, அதனால் கழிக்கக் கூடாது. பதிலுக்கு 4, மூன்று தொடர் கேள்விக்கும் பதில் சொன்னதால் உரையாடலுக்கு 5, உச்சரிப்புக்கு 3. மொத்தம் 15.

அந்த மாணவிக்கு உச்சரிப்பு 5, இலக்கணம் 4. ஆனால் "தம்பி என்ன படிக்கிறான்?" என்றதும் மறுபடி முதல் வாக்கியத்துக்கே போய்விட்டாள். மூன்றில் ஒரு கேள்விக்குத்தான் பதில் வந்தது. உரையாடல் 1, பதில் 2. மொத்தம் 12. வரிசையே மாறிவிட்டது!

இரண்டு தேர்வாளர்கள் இருந்தால் ஒருவர் கேட்க, மற்றவர் குறிப்பு எடுக்கலாம். இருவரும் தனித்தனியாக மார்க் போட்ட பிறகே ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 3-க்கு மேல் போனால் அடுத்த மாணவரைக் கூப்பிடும் முன் பேசி முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர் நடத்தாத இலக்கணத்துக்கும் மார்க் கழித்திருப்பார், அல்லது சரளமான பேச்சில் மயங்கி எல்லாத் தலைப்பிலும் 5 போட்டிருப்பார்.

இவ்வளவு செய்தாலும் பயத்தில் வாயே திறக்காத மாணவரை 8 நிமிடத்தில் அளக்க முடியாது. அவருக்காகத்தான் மார்க் இல்லாத ஒரு நிமிடப் பேச்சை, "பேர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள்" என்று, முதலில் வைக்கிறார்கள்.