மொழிபெயர்க்கக் கூடாத வாக்கியங்கள்

வட இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா பக்கமெல்லாம் சீஸுக்குப் பேர் போன ஊர்கள். மாட்டுப்பண்ணைகளும் அதிகம். அங்கே பால் கறப்பது இயந்திரம்தான். கறந்து முடித்ததும் இயந்திரத்தின் குழாய்களைக் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேளைப் பால் கெட்டுவிடும். குழாயில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு இரண்டு வகை. ஒன்று கொழுப்பும் புரதமும். இதை எடுக்கக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கலந்த காரத் திரவம் வேண்டும். இன்னொன்று சுண்ணாம்பு மாதிரிப் படியும் 'பால் கல்'. இதைக் கரைக்க ஆசிட் வேண்டும். அதனால் பண்ணையின் கழுவும் அறையில் எப்போதும் இரண்டு கேன்கள் பக்கத்து பக்கத்தில் நிற்கும். ஒன்றில் குளோரின் கலந்த காரம், மற்றதில் ஆசிட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்! வேதியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இப்போது அந்தக் காரத் திரவத்தைத் தயாரிக்கும் ஒரு கம்பெனி அயர்லாந்துக்கு விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் பால் பண்ணைகளுக்குக் குறைவில்லை. கேனோடு இரண்டு காகிதங்கள் போக வேண்டும். ஒன்று சேஃப்டி டேட்டா ஷீட், ஐரோப்பியச் சட்டப்படி 16 பகுதிகள் கொண்டது. இன்னொன்று எவ்வளவு கலக்க வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லும் உபயோகத் தாள். இரண்டும் இத்தாலிய மொழியில் இருக்கின்றன, ஆங்கிலத்தில் வேண்டும். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு பெண்மணிக்கு ஈமெயிலில் வந்து சேர்கின்றன. அவர் நன்றாக ஆங்கிலம் எழுதுபவர். ஆனால் இந்த வேலையில் அவருக்கு முதல் ஆபத்தே அந்த நல்ல ஆங்கிலம்தான்.

டேட்டா ஷீட்டின் 2-ஆம் பகுதியில் அபாய வாக்கியங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. காரத் திரவத்துக்கு H314. இத்தாலிய வாக்கியம் தோலில் 'கிராவி' புண்கள், கண்ணில் 'கிராவி' பாதிப்பு ஏற்படுத்தும் என்கிறது. 'கிராவி' என்றால் கடுமையான என்று பொருள், அது இரண்டு முறை வருகிறது. அதே H314-இன் ஆங்கில வாக்கியத்தில் 'சிவியர்' என்ற சொல் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. சரி, கிராவி என்றால் சிவியர் என்று மனதில் குறித்துக்கொண்டு 3-ஆம் பகுதிக்குப் போனால், அங்கே கலவையில் உள்ள வேறொரு பொருளுக்கு H318 போட்டிருக்கிறது. கண்ணுக்குக் 'கிராவி' பாதிப்பு என்று அதே சொல். ஆனால் அதன் ஆங்கிலம் 'சீரியஸ்'! ஒரே இத்தாலியச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

இதில் எது சரி என்று யோசிப்பதே வீண் வேலை. இவை மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்களே அல்ல. (EC) 1272/2008 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை இருக்கிறது, சுருக்கமாக CLP என்பார்கள். அதன் மூன்றாம் இணைப்பில் அபாய வாக்கியங்களும் நான்காம் இணைப்பில் முன்னெச்சரிக்கை வாக்கியங்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. EUR-Lex தளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். எண்ணைப் பார்க்க வேண்டும், ஆங்கிலப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருப்பதை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு சொல்லைக்கூட மெருகேற்றக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? கண் விஷயத்தையே பார்க்கலாம். H318 என்றால் கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பு வரக்கூடிய பொருள். H319 என்றால் கண்ணில் கடுமையான எரிச்சல், அது மூன்று வாரங்களுக்குள் ஆறிவிடும். முதலாவதற்கு அரிக்கும் பொருளின் படம், இரண்டாவதற்கு ஆச்சரியக்குறி. மேலே போடும் எச்சரிக்கைச் சொல்லும் வேறு. H318-க்கு இத்தாலிய மொழியில் 'பெரிக்கோலோ', ஆங்கிலத்தில் 'டேஞ்சர்'. H319-க்கு இத்தாலிய மொழியில் 'அத்தென்ஸியோனே'. பார்த்தவுடன் 'அட்டென்ஷன்' என்று எழுதத் தோன்றும், இல்லாவிட்டால் 'காஷன்' என்று. சட்டத்தில் இருப்பது 'வார்னிங்'. சொல்லை மாற்றி எழுதிவிட்டால், படிப்பவருக்கு இது எந்த வகுப்பு என்றே குழப்பம் வந்துவிடும். கேனின் லேபிளில் ஒன்றும் தாளில் இன்னொன்றும் இருக்கும்.

இதைவிட வேடிக்கையான இடம் முதலுதவி. கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு P305, P351, P338 என்று மூன்று எண்கள் சேர்ந்த ஒரு வாக்கியம். இத்தாலிய வாக்கியம் பல நிமிடங்களுக்கு 'அக்குராத்தமென்தே' கழுவச் சொல்கிறது, அதாவது நன்றாக, ஒழுங்காக. ஆங்கில வாக்கியத்தில் இருக்கும் சொல் 'காஷியஸ்லி', அதாவது ஜாக்கிரதையாக. அது மட்டுமல்ல, ஆங்கிலத்தில் தண்ணீரால் கழுவு என்று இருக்கிறது, இத்தாலிய வாக்கியத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை! மூலத்தில் இல்லாத தண்ணீரைச் சேர்த்தால் எந்த மொழிபெயர்ப்பு ஆசிரியரும் சிவப்பு மையால் சுழிப்பார். இங்கே சேர்க்காவிட்டால்தான் தவறு.

இன்னொரு பொறி பழைய கோப்புகளில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள், முன்பு செய்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துக் கொடுக்கும். 2015 ஜூனுக்கு முன்னால் கலவைகளுக்குப் பழைய R, S வாக்கியங்களையும் பயன்படுத்தலாம். R35 என்றால் கடுமையான புண் என்ற மாதிரி. அவை இன்னும் அந்தச் சேமிப்பில் கிடக்கின்றன. H314-க்கு நேரே R35-இன் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் வாக்கியம் படிக்க நன்றாகவே இருக்கும், கண்ணைப் பற்றிய பாதி மட்டும் காணாமல் போயிருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, எண்ணை வைத்துச் சட்டத்தோடு ஒப்பிடுவதுதான்.

இதுவரை கை கட்டி நிற்கும் வேலை. உபயோகத் தாளுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இங்கே எண்ணும் கிடையாது, பட்டியலும் கிடையாது. ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டு எழுத வேண்டும்.

முதல் வரி: தண்ணீரில் திரவத்தைச் சேர்க்கவும். இத்தாலிய மொழியில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போடலாம், நம் தமிழ் மாதிரியே. 'தண்ணீரில் மருந்தை ஊற்று', 'மருந்தைத் தண்ணீரில் ஊற்று' இரண்டும் நமக்கு ஒன்றுதான், வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். இத்தாலியத்தில் அந்த வேலையைச் செய்வது 'ஆக்குவா' என்ற சொல்லின் முன்னால் ஒட்டியிருக்கும் 'ஆல்' என்ற சின்ன ஒட்டு. அவசரத்தில் அதை விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் 'திரவத்தில் தண்ணீரைச் சேர்' என்று ஆகிவிடும். அடர்த்தியான காரத்தின் மேல் தண்ணீர் விழுந்தால் சூடேறித் தெறிக்கும். தெறிக்கும் இடம் பெரும்பாலும் முகம்.

இரண்டாவது வரி: அளவு 0,5%. இத்தாலியில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. ஆங்கிலத்தில் நேர் எதிர். அதனால் 0,5 என்பது 0.5 ஆக வேண்டும், 1.000 லிட்டர் என்பது 1,000 ஆக வேண்டும். காற்புள்ளிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் புள்ளியாக மாற்றினால் முதலாவது சரியாகும், இரண்டாவது ஒரு லிட்டராகவே நின்றுவிடும். காற்புள்ளியே விழுந்துபோய் 5% ஆனால் கதை இன்னும் மோசம். 40 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 2 லிட்டர் போகும்.

புள்ளி சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், 0.5% என்றால் எடைக்கு எடையா, கன அளவுக்குக் கன அளவா? தாளில் சொல்லவில்லை. டேட்டா ஷீட்டின் 9-ஆம் பகுதியில் அடர்த்தி 1,2 என்று இருக்கிறது. எடைக் கணக்கு என்றால் 100 கிலோ கழுவு நீரில் 500 கிராம் திரவம், அதாவது சுமார் 417 மில்லி. கன அளவுக் கணக்கு என்றால் 500 மில்லி, அதன் எடை 600 கிராம். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். தினமும் இரண்டு வேளை அதிகமாக ஊற்றினால் பணமும் போகும், குளோரின் பட்டு இயந்திரத்தின் ரப்பர் பாகங்களும் சீக்கிரம் கெடும். குறைவாக ஊற்றினால் குழாய் சுத்தமாகாது. மொழிபெயர்ப்பாளர் இங்கே ஊகிக்கக் கூடாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். கன அளவுதான் என்று பதில் வந்தால், சதவீதத்துக்குப் பக்கத்திலேயே '100 லிட்டர் தண்ணீருக்கு 500 மில்லி' என்று சேர்க்க அனுமதியும் கேட்டுக்கொள்வார். பண்ணையில் இருப்பது அளவுக் குவளை, சதவீதம் அல்ல.

மூன்றாவது வரிதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஆசிட் திரவத்தோடு 'அல்தெர்னாரே' என்று இருக்கிறது. அர்த்தம், மாற்றி மாற்றிப் பயன்படுத்து: ஒரு கழுவலுக்குக் காரம், வேறொரு கழுவலுக்கு ஆசிட். 'ஆசிட்டோடு சேர்த்து' என்று படிக்கும்படி ஆங்கில வாக்கியம் அமைந்துவிட்டால்? அதே பொருளின் டேட்டா ஷீட்டில் EUH031 இருக்கிறது, ஆசிட் பட்டால் நச்சு வாயு வெளிவரும் என்பது அதன் பொருள். ஒரு தாள் கூடாது என்கிறது, இன்னொரு தாள் செய் என்கிறது. பண்ணையாள் கையில் வைத்திருப்பது இரண்டாவது தாளைத்தான். அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் 'மாற்றி மாற்றி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், தனித்தனிக் கழுவல்களில் என்று தெளிவாக எழுதுவார். நடுவில் நல்ல தண்ணீரால் அலசுவது மூலத்தில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடுவார். சொல்லப்படவில்லை என்றால் கம்பெனிக்கு இன்னொரு கேள்வி போகும்.

அவரால் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. டேட்டா ஷீட்டின் 1-ஆம் பகுதியில் அவசரத் தொலைபேசி எண்கள், இத்தாலிய விஷ முறிவு மையங்களுடையவை. அவற்றை அழகாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாலும் அயர்லாந்துக்காரருக்கு உதவாது. 8-ஆம் பகுதியில் வரும் காற்று வரம்புகளும் நாட்டுக்கு நாடு மாறலாம். இவற்றை மாற்றும் பொறுப்பு விற்பவருடையது. மொழிபெயர்ப்பாளர் தானாக மாற்றக் கூடாது, சும்மாவும் விடக் கூடாது. 'இந்த இடத்தில் அயர்லாந்துத் தகவல் வேண்டும்' என்று குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும்.

கடைசியில் சரிபார்ப்பது இப்படி. இத்தாலியத் தாளில் உள்ள H, P எண்களை வரிசையாக எழுதி, ஆங்கிலத் தாளில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும், ஒன்று குறைந்தாலும் எங்கேயோ வரி விழுந்திருக்கிறது. பிறகு வாக்கியங்களை மறந்துவிட்டு எல்லா எண்களையும் மட்டும் படிக்க வேண்டும். அதன் பிறகு ஆங்கிலத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, 40 லிட்டர் தொட்டி முன்னால் நிற்கிற ஆளாக நினைத்து, எதை எதில் எவ்வளவு ஊற்றுவது என்று கணக்குப் போட வேண்டும். 200 மில்லி என்று வந்தால், தண்ணீருக்குள் திரவம் என்று வந்தால், ஆசிட் கேன் மூடியபடியே இருந்தால், தாளை அனுப்பலாம்.