முப்பத்தாறு மார்பும், முப்பத்தாறு மார்புக்கும்

விக்ரோலி கிழக்கில், கண்ணம்வார் நகரில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அக்கா தைக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். ஒற்றைத் தையல் இயந்திரம், ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்று, வெட்டுவதற்குக் கட்டில் பலகை. இவ்வளவுதான் அவருடைய தொழிற்கூடம். அக்கம்பக்கத்து ரவிக்கைகளோடு, தாராவியிலிருந்து ஒரு வியாபாரி அனுப்பும் குர்த்தாக்களையும் தைத்துக் கொடுப்பார். அவ்வாறு வந்த இருபத்துநான்கு பருத்திக் குர்த்தாக்களை நான் கெடுத்த கதை இது. மொழியியல் படித்தவள் என்ற தகுதியால் கெடுத்தேன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வியாபாரி கைப்பேசியில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒன்று, ஒரு பெண் குர்த்தா அணிந்து நிற்கும் புகைப்படம். மற்றொன்று ஆங்கிலத்தில் ஓர் அளவு அட்டவணை: எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நான்கு வரிசைகள், மார்பு 34, 36, 38, 40, தோள் பதினான்கிலிருந்து அரை அரை அங்குலமாக ஏறியது, நீளம் எல்லாவற்றுக்கும் 44. மாதிரித் துணி அனுப்பவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். அப்போது அவர் கேட்ட கேள்வி, ஒரு மொழியியல் மாணவி தானாகவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"தங்கச்சி, இது உடம்பு அளவா, துணி அளவா?"

தோளும் நீளமும் ஐயத்துக்கு இடமின்றித் துணியின் அளவுகள். 44 அங்குல நீளம் எந்த உடம்பிலும் இல்லை. அது குர்த்தாவின் நீளம். ஆகவே அதே அட்டவணையில் உள்ள மார்பும் துணியின் அளவே என்று முடிவுகட்டி, "துணி அளவுதான் அக்கா" என்றேன். மார்பு என்ற சொல்லுக்கு முன்னால் 'டு ஃபிட்' என்று இரண்டு சிறு சொற்கள் இருந்தன. அவற்றை நான் கண்ணால் பார்த்தேன், வாயால் படிக்கவில்லை. அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

அவ்விரு சொற்களும் தமிழில் ஒரே ஓர் உருபு. 'மார்பு 36' என்றால் தைத்து முடித்த துணியின் சுற்றளவு 36. '36 மார்புக்கு' என்றால் 36 அங்குல மார்புடையவர் அணிய ஏற்றது. துணி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறு கணக்கு. நான்காம் வேற்றுமையைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியவள் நான். அந்தக் 'கு'வை விழுங்கிவிட்டேன்.

அக்கா துணியைக் கால்பகுதிகளாக வெட்டினார். எம் அளவுக்குக் கால்பங்கு ஒன்பது அங்குலம். அதன் ஓரத்தில் உள்ளே மடிந்து நிற்க ஓர் அங்குலம் கூடுதல். தைத்து முடித்தால் சுற்றளவு சரியாக 36. நான்கு அளவுகளிலும் ஆறாறு குர்த்தாக்கள். எனக்கு மார்பு 36 என்பதால், கொடுத்தனுப்பும் முன் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தலை நுழைந்தது. கைகளும் நுழைந்தன. மார்புக்கு மேலே வந்து நின்றுவிட்டது. பக்கவாட்டில் ஜிப் இல்லாத, தலைவழியே போடும் உடை அது. கைகளைத் தூக்கியிருக்கும்போது தோளும் மார்பும் சேர்ந்த அகலம் அதனுள் கடந்து போக வேண்டும். ஒருவழியாக இழுத்து இறக்கியபோது, மார்பின் நுனியிலிருந்து கைக்குழியை நோக்கிக் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் ஓடின. மூச்சை இழுத்தால் தையல் முறுகியது. கையை முன்னே நீட்டினால் முதுகு இழுத்தது. உட்கார்ந்ததும் கீழ்விளிம்பு மேலேறிற்று. துணி கிழியவில்லை; ஆனால் அதை உடை என்று சொல்ல முடியாது.

அக்கா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூச்சுக்கு விடுறதே இல்லையே இதுல. அப்புறம் மாடலுக்கு எங்க போறது?"

தையற்கலை நூல்கள் இரண்டு தனிக் கலைச்சொற்களால் பிரித்துச் சொல்வதை அவர் ஒரு மூச்சில் பிரித்துவிட்டார். உடம்பின் அளவுக்கு மேல் துணியில் விடப்படும் கூடுதலைத் தையற்காரர்கள் பொதுவாக 'லூஸ்' என்பார்கள். அதற்குள் இரண்டு இருக்கின்றன. மூச்சு விட, கை தூக்க, குனிய, உட்கார வேண்டிய கூடுதல் ஒன்று. இதை அணிதளர்வு என்று நான் குறித்துக்கொள்கிறேன். நெய்த துணியில் இது இல்லாவிட்டால் உடை உடையாகாது. சாதாரண மேலாடைக்கு மார்பில் இரண்டு, இரண்டரை அங்குலம் வேண்டியிருக்கும். அதற்கு மேல், உடை உடம்பிலிருந்து விலகி நின்று ஒரு தோற்றம் தருவதற்காக விடப்படுவது வடிவத்தளர்வு. இதற்கு உச்சவரம்பு கிடையாது, பூஜ்யமாகவும் இருக்கலாம். ஒட்டிய உடையும் தொளதொளத்த உடையும் அணிதளர்வில் பெரிதும் வேறுபடுவதில்லை. அவற்றைப் பிரிப்பது இரண்டாவது எண்.

அமெரிக்காவின் பட்டரிக், மெக்கால்ஸ், வோக் போன்ற தையல் வடிவத்தாள் வெளியீட்டாளர்கள் இதை ஒரு வாய்பாடாகவே அச்சிடுகிறார்கள். சட்டை, ரவிக்கை, கவுன் வகைகளுக்கு மார்பில் மொத்தத் தளர்வு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் உடலை ஒட்டியது. மூன்றிலிருந்து நான்கு பொருத்தமானது. நான்கிலிருந்து ஐந்து அரைப்பொருத்தம். ஐந்துக்கு மேல் எட்டு வரை தளர்வானது. எட்டைத் தாண்டினால் மிகத் தளர்வானது. இரண்டு தளர்வுகளும் சேர்ந்த கணக்கு இது. பின்னலாடைகளுக்கு இது பொருந்தாது. பனியன் துணி இழுபடும் என்பதால் உடம்பைவிடச் சிறிதாகவே வெட்டலாம்; அங்கே தளர்வு எதிர்மறையாகவும் போகும்.

வியாபாரியை அழைத்தோம். உடம்பின் அளவுக்கு மேல் ஆறு அங்குலம் வேண்டும் என்றார். அட்டவணையில் இல்லையே என்று கேட்டதற்கு, "ஃபோட்டோவைப் பார்த்தால் தெரியாதா?" என்றார். கோபம் வந்தாலும் அதில் ஓர் உண்மை இருந்தது. உடல் அட்டவணை வடிவத்தளர்வைச் சொல்லாது. அது படத்தில்தான் இருக்கும். படத்திலிருந்த பெண்ணின் குர்த்தா அக்குளுக்குக் கீழே உடம்பைத் தொடாமல் தொங்கியது. "நானும் பாத்தேன். காலேஜ் பிள்ளைகளுக்குன்னு ஒல்லியா எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. 36 சுற்றளவுள்ள துணியை 30 மார்புடைய ஒருத்தி அணிந்தாலும் படம் அப்படித்தானே இருக்கும்?

ஓர் அட்டவணை உடலைச் சொல்கிறதா, துணியைச் சொல்கிறதா என்று தலைப்பு இல்லாமலும் கண்டுபிடிக்க வழி உண்டு என்பதை அதன் பிறகே கற்றேன். அளவுகளுக்கு இடையே உள்ள இரண்டு அங்குல ஏற்றம் எதையும் சொல்லாது. இரண்டு வகை அட்டவணையிலும் அது அப்படியே இருக்கும். இடுப்பைப் பார்க்க வேண்டும். பெண்ணுடலின் மார்புக்கும் இடுப்புக்கும் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அங்குலம் வேறுபாடு உண்டு. அட்டவணையில் மார்பு 36, இடுப்பு 29 என்று வந்தால் அது உடம்பு. மார்பு 42, இடுப்பு 40 என்று வந்தால் அது நேர்வெட்டுக் குர்த்தா. எங்கள் அட்டவணையில் இடுப்புப் பத்தி இல்லை. அப்போதே வியாபாரியிடம் கேட்டிருக்க வேண்டும். மற்றொரு பொறி, அகலம் என்ற பெயரில் வரும் எண். உடையைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளப்பது அது, இரட்டிப்பாக்கினால்தான் சுற்றளவு. அகலம் 21 என்பது 42 சுற்று. இரண்டு அட்டவணைகளும் கையில் இருந்தால் வேலை எளிது: துணியிலிருந்து உடம்பைக் கழித்தால் மொத்தத் தளர்வு. அதிலிருந்து இரண்டரையைக் கழித்தால் மிஞ்சுவது வடிவம்.

நம் வீடுகளில் அளவு ரவிக்கை கொடுத்தனுப்பும் வழக்கத்தை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். டேப் பிடித்து அளந்தால் உடல் அட்டவணை. அளவு ரவிக்கை கொடுத்தால் துணி அட்டவணை. பழைய ரவிக்கைக்குள் ஓர் அங்குலமோ ஒன்றரையோ தளர்வு முன்பே அடங்கியிருக்கிறது. அதை உடம்பென்று எண்ணிப் புதிய தையற்காரர் மறுபடி லூஸ் விட்டால் தோளிலிருந்து நழுவும். நாங்கள் செய்தது அதன் நேர் எதிர்த்தவறு. இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்ட 'நிஃப்ட்' நிறுவனம் மும்பை உட்பட ஆறு நகரங்களில் முப்பரிமாண வருடிகளைக் கொண்டு மேற்கொண்ட 'இந்தியா சைஸ்' ஆய்வும் தரக்கூடியது முதல் அட்டவணையைத்தான். இரண்டாவதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தாமே எழுதியாக வேண்டும்.

குர்த்தாக்களுக்குத் திரும்புகிறேன். தொழிற்சாலையில் தைத்திருந்தால் ஓரங்களைக் குறுக நறுக்கியிருப்பார்கள். பிரிக்க ஒன்றும் இருந்திருக்காது. அக்கா ரவிக்கைப் பழக்கத்தில் உள்ளே ஓர் அங்குலம் விட்டிருந்தார். பக்கத் தையலைப் பிரித்து, ஓரத்தில் காலே அரைக்கால் போக, அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தைத்தால், ஒவ்வொரு விளிம்பிலும் எட்டில் ஐந்து பங்கு கிடைக்கும். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஆக நான்கு விளிம்புகள்: இரண்டரை அங்குலம். எம் குர்த்தா 38½ ஆயிற்று. கைக்குழி பெரிதாவதால் கையின் அடித்தையலையும் அதே அளவு பிரிக்க வேண்டியிருந்தது. மூன்று இரவுகள் நான் பிளேடால் பிரித்துக் கொடுத்தேன், அவர் தைத்தார். பழைய தையலின் ஊசித்துளைகள் இளநிறத் துணியில் வரிசையாகத் தெரிந்தன. நனைத்துத் தேய்த்ததில் பாதி மறைந்தது.

38½ என்பது 36 மார்புக்கு மூச்சு மட்டும், மாடல் இல்லை. ஆகவே ஒரு படி இறக்கினோம். எம்மை எஸ் என்றும், எல்லை எம் என்றும், எக்ஸ்எல்லை எல் என்றும் சீட்டு மாற்றினோம். 34 மார்புக்கு 38½ என்றால் நாலரை அங்குலத் தளர்வு, அரைப்பொருத்தம். தோள் அரை அங்குலம் கூடுதலாக விழும், அது பொறுக்கத்தக்கது. சயான் வரை ரயிலில் மூட்டையைக் கொண்டுபோய் அங்கிருந்து தாராவிக்கு நடந்தோம். வியாபாரி ஒன்றை விரித்து, டேப் வைத்து, "இது நான் கேட்ட மாடல் இல்லை" என்றார். சரிதான். பேரம் பேசிப் பதினெட்டைக் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டார். எக்ஸ்எல் ஒன்றுகூட இல்லாததற்குத் தனியாகக் கழித்தார்.

எஸ் ஆக இருந்த ஆறும் 36½ ஆகி நின்றன. அவற்றை இறக்கப் பெயர் இல்லை. அவற்றின் துணி விலையை நான் கொடுத்தேன், அக்கா வாங்கவில்லை. "படிச்சுச் சொன்னதுக்குக் கூலி கேட்டியா? அப்ப தப்புக்கு மட்டும் எதுக்குக் குடுக்கிற?" என்றார். மாதக் கடைசியில் மின்கட்டணத்துக்கு அவர் யாரிடமோ கடன் கேட்டதை நான் அறிவேன்.

போன வாரம் புதிய அட்டவணை ஒன்று வந்தது. அக்கா என் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, நான் படிக்கப் படிக்கத் தம் நோட்டில் எழுதினார். நான் 'மார்பு' என்றதும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"மார்பா, மார்புக்கா?"