மூன்று ஹெச்.பி. மோட்டாரும் ஒரு கைக்கடிகாரமும்

சில வருடங்களுக்கு முன் ஆடிப் பரணி அன்று இரவு ஒன்பது மணிக்கு மச்சானிடமிருந்து போன் வந்தது. "மாமா, கீழ்த்தளமெல்லாம் சாக்கடைத் தண்ணி. மோட்டார் போச்சு. மறுபடியும்!"

மச்சான் திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார். ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வந்த காவடிக் கூட்டத்தைத் தாண்டி நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று.

அங்கே கண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. கழிவுநீர்க் குழியின் மூடி திறந்திருந்தது. ரூம் பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றான். "தம்பி, கயிற்றை அவிழ்" என்றேன். மச்சான் கோபித்துக்கொண்டார். மூடிய குழிக்குள் நிற்கும் வாயு, மூச்சு இரண்டு இழுப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். கயிறு பிணத்தைத் தூக்கத்தான் உதவும். பாதுகாப்பில்லாமல் இப்படி ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டமும் தடை செய்கிறது. கழிவுநீர் லாரியை வரவழைத்துக் குழியை உறிஞ்சி, மோட்டாரை மேலிருந்தே கயிறு போட்டுத் தூக்கினோம். கையிருப்பில் இருந்த இன்னொரு மோட்டாரை இறக்கி ஓட்டும்போது மணி இரண்டு.

இரண்டு வருடத்தில் கருகியது அது மூன்றாவது மோட்டார். மூன்றுமே 3 ஹெச்.பி. "இதுவும் பத்தலை, 5 ஹெச்.பி. போடுங்கன்னு கடையில சொல்றாங்க" என்றார் மச்சான். நான் முப்பத்தோரு வருடம் பம்பிங் ஸ்டேஷன்களில் குப்பை கொட்டியவன். "காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கிருத்திகை அன்று விடிகாலை, மொட்டை போட்ட கூட்டம் கீழ்த்தளத்தில் குளித்துக்கொண்டிருந்தது. நான் குழியருகே நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். குழி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அதனால் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் பத்து லிட்டர். மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஃப்ளோட், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டப்பட்டிருந்தது. அதாவது 150 லிட்டர். தண்ணீர் அவ்வளவு ஏற ஒன்றரை நிமிடம் பிடித்தது. அப்படியானால் வரத்து நிமிடத்துக்கு 100 லிட்டர். மோட்டார் அதை இறக்க எடுத்துக்கொண்டது 18 விநாடி. அந்த நேரத்திலும் வரத்து நிற்காது. கூட்டிக் கழித்தால் மோட்டார் நிமிடத்துக்கு 600 லிட்டர் தள்ளியது.

வாளியை வைத்தும் சரிபார்த்தேன். நாலு குளியலறைக் குழாய், தலைக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர். நாலு கால் கழுவும் குழாய், தலைக்கு 8. ஆறு கழிப்பறைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று வைத்தால் சேர்ந்து சுமார் 20. மொத்தம் 100. இரண்டு வழியிலும் ஒரே கணக்கு. ஊரே திரண்ட அன்றைக்கு வந்த இதைவிட அதிகம் அந்தக் குழிக்கு வர வழியில்லை.

ஆக, மோட்டார் பத்தாமல் கருகவில்லை, பெரிதாக இருந்ததால்தான் கருகியது. ஒன்றரை நிமிடமும் 18 விநாடியும் சேர்ந்து ஒரு சுற்று. மணிக்கு 33 முறை 'டக்' என்று ஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். மணிக்குப் பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களுக்கு நல்லது. 5 ஹெச்.பி. போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கருகியிருக்கும்.

மச்சானுக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வரத்து 100 என்றால் மோட்டார் அதைவிடக் கூடத் தள்ள வேண்டும்; 150 போதும். ஆனால் கழிவு குழாயில் படியாமல் ஓட விநாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது வேண்டும். மேலே போகும் மூன்று அங்குலக் குழாயில் அதற்கு 180 லிட்டராவது ஓட வேண்டும். எனவே 200 என்று வைத்துக்கொண்டோம். தெருத் தொட்டி வரை ஏற்றமும் உராய்வும் சேர்த்து 6 மீட்டர். அந்த உயரத்தில் 200 லிட்டர் தள்ள 1 ஹெச்.பி. போதும். கடையில் பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 6 மீட்டர் உயரத்தில் எத்தனை லிட்டர் என்று அட்டவணையில் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது ஃப்ளோட் இடைவெளி. வரத்து, மோட்டார் தள்ளுவதில் சரிபாதியாக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் அதிகம். குறைந்தால் நிரம்ப நேரமாகும், கூடினால் இறங்க நேரமாகும். நமக்கு 100க்கு 200, சரியாக அந்தப் பாதி. 30 சென்டிமீட்டர் விட்டால் 300 லிட்டர். நிரம்ப மூன்று நிமிடம், இறங்க மூன்று நிமிடம். மணிக்குப் பத்து ஸ்டார்ட். இரண்டு மோட்டார் போட்டு மாற்றி மாற்றி ஓட விட்டால் ஒன்றுக்கு ஐந்துதான். பழைய 600 லிட்டர் மோட்டாருக்கு இதே நிம்மதி கிடைக்க 500 லிட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் ஆகாது. கூட்டமில்லாத நாளில் கழிவு மணிக்கணக்கில் தேங்கி நாறும்.

கடைசியாக அலாரம். "பெல்லு இருக்கே மாமா" என்றார் மச்சான். இருந்தது, மோட்டாரின் அதே ஸ்விட்சில். மோட்டார் ட்ரிப் ஆனதும் பெல்லும் செத்துவிட்டது. புதிய ஏற்பாட்டில் அடியிலிருந்து 40 சென்டிமீட்டரில் மோட்டார் நிற்கும், 70இல் ஒன்று ஓடும், 85இல் இரண்டாவதும் சேரும். 100இல் அலாரம் அடிக்கும். அதற்குத் தனி ஃப்ளோட், தனி பேட்டரி. பெல் கீழ்த்தளத்தில் இல்லை, வாட்ச்மேன் தலைமாட்டில்.

அலாரத்துக்கு மேல் தரைமட்டம் வரை இருப்பது 40 சென்டிமீட்டர், 400 லிட்டர். கூட்ட நேரத்தில் நாலே நிமிடம்! எலக்ட்ரீஷியன் வரும்வரை தாங்காது. அதனால் கீழ்த்தளக் குழாய்களுக்கு ஒரே வால்வு வைத்து, மணி அடித்தால் முதலில் அதை மூடு என்று வாட்ச்மேனுக்குச் சொன்னோம். கரண்ட் போனாலும் மாடித் தொட்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், குழி மோட்டாரை ஜெனரேட்டரிலும் சேர்த்தோம். மாதம் ஒரு முறை குச்சியால் அலாரம் ஃப்ளோட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் நின்ற உடனே குழியில் தண்ணீர் சட்டென்று ஏறினால் மேல் குழாயில் உள்ள தண்ணீர் திரும்பி வருகிறது, திருப்பி விடாத வால்வு பழுது என்று அர்த்தம். மொட்டை முடி மோட்டாரில் சுற்றாமலிருக்கக் குளியலறை வாயில்களில் சல்லடை.

இரண்டு மோட்டாருக்கும் வழிகாட்டிக் கம்பியும் சங்கிலியும் போட்டாயிற்று. மேலே நின்றபடியே தூக்கலாம். குழிக்குள் இனி யாருக்கும் வேலையில்லை.

அதன் பிறகு மோட்டார் ஒன்றும் கருகவில்லை. அலாரம் ஒரே ஒரு முறை, ஒரு டிசம்பர் 31 படித் திருவிழா இரவில் அடித்தது. யாரோ துணியைக் கழிப்பறையில் போட்டு ஒரு மோட்டார் அடைத்துக்கொண்டது. வாட்ச்மேன் ஓடிப்போய் வால்வை மூடினார். அந்த ரூம் பையன்தான், இப்போது லாட்ஜ் மேனேஜர், மேலே நின்று சங்கிலியை இழுத்தான்.